ஏழாம் நம்பர் கிட்

எங்கள் பாலிடெக்னிக்கின் டிஜிட்டல் ஆய்வகத்தில், ஐசி என்னும் மின்னணுச் சில்லுகளைக் கொடுக்கும் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கையெழுத்து அக்கா. சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் எங்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. முதல்வர்கூட ஒருமுறை சுற்றறிக்கையில் அப்படியே எழுதிவிட்டு அப்புறம் அடித்தார்.

பெயருக்குக் காரணம் எங்கள் ஆய்வகத்தின் ஒரு வழக்கம். மாணவர் முதலில், எந்த நிலைக்குப் பிறகு எந்த நிலை என்று காட்டும் நிலை அட்டவணை போட வேண்டும். அதிலிருந்து ஃபிளிப்-ஃபிளாப் என்னும் நினைவுச் சுற்று ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன போக வேண்டும் என்று சமன்பாடு எழுத வேண்டும். அதை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜன்னலில் ஐசியும் வயரும் கிடைக்கும். அழுதாலும் சிரித்தாலும் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரே கேள்விதான் வரும்: "கையெழுத்து எங்கே?" ஒருமுறை அவசரத்தில் நானே ஒரு ஐசி கேட்டுக் கையை நீட்டினேன். என்னிடமும் அதையேதான் கேட்டார்.

நான் அந்த ஆய்வகத்தின் பொறுப்பாசிரியை. வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். அந்த நீள வாய் திறக்க வேண்டிய ஒரே நாளில் திறக்கவில்லை. திறந்தபோதும் தப்பாகத் திறந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா இதே பாலிடெக்னிக்கில் படித்தவர்தான். இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருடைய அப்பா போய்விட்டார். கீழே இரண்டு தங்கைகள். படிப்பை நிறுத்திவிட்டு, நேற்று வரை உட்கார்ந்து படித்த அதே கட்டடத்தில் பெஞ்சு துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருடம் வகுப்புக்கு வந்தபோது இவர் துடைப்பத்தோடு வராந்தாவில் நின்றிருக்கிறார். "அப்போ வெக்கமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு எதையும் கேட்டுவிடும் புத்தி. "வெக்கப்பட நேரம் கெடைக்கல மேடம். ரெண்டு மாடி துடைக்கணும்" என்றார்.

பிறகு ஆய்வக உதவியாளர் ஆனார். திரும்பி வரும் ஒவ்வொரு ஐசியையும் சோதித்துத்தான் உள்ளே வைப்பார். வளைந்த கால்களைச் சாமணத்தால் நிமிர்த்துவார், குழந்தைக்கு நகம் வெட்டுகிற பொறுமையோடு. கிட் என்னும் பயிற்சிப் பெட்டிகளில் எதில் எந்த விளக்கு மங்கும், எதில் எந்தத் துளை தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிக்கலான வயர்க் கத்தையைத் திருப்பிக் கொடுக்கும் மாணவரிடம், "இத வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கம்மாகிட்ட காட்டு, தலைவாரி விடுவாங்க" என்பார். பயந்துகொண்டே சிரிப்பார்கள்.

வீட்டில் தையற்காரக் கணவர், பள்ளிக்கூடம் முடிக்கப்போகும் ஒரு மகள். முப்பத்தேழு வயதில் அக்கா மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்தார். பகலில் ஜன்னலுக்குப் பின்னால், மாலையில் ஜன்னலுக்கு முன்னால். வீட்டில் மகளும் அம்மாவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்களாம். நடுவில் தையல் மெஷின் ஓடினால் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவார்களாம். "எங்க வீட்டுல ரெண்டு ஸ்டூடண்ட்டு, ஒரு வாட்ச்மேன்" என்று கணவர் என்னிடம் சொன்னார். சொன்னபோது அந்த மனிதரின் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் எல்லாப் பாடமும் முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று டிஜிட்டல் செய்முறைத் தேர்வு. சிரிக்காதீர்கள், அவர் மூச்சுவிடுவதே அந்த ஆய்வகத்தில்தான். முதல் தடவை தேர்வன்று மாமனார் இறந்துவிட்டார். இரண்டாம் தடவை தேர்வு எழுத அவர் தயாராக இருந்தார். ஆனால் பகல் நேர மாணவர்களுக்கும் அன்றே தேர்வு. ஐசி கொடுக்க வேறு ஆள் இல்லை. "அடுத்த தடவை எழுதிக்கலாமேக்கா" என்று சொன்னது நான்தான். அவர் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது தடவைதான் கடைசி. பழைய பாடத்திட்டம் அத்தோடு முடிகிறது. இதில் தவறினால் ஐந்து வருடமும் செல்லாது, முதலிலிருந்து சேர வேண்டும். தேறிவிட்டாலோ வேலை காத்திருந்தது. எங்கள் ஆய்வகப் பயிற்றுநர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு டிப்ளமோ இருந்தால் போதும், உள்ளே வேலை செய்பவருக்கு முன்னுரிமை. பத்தொன்பது வருடமாக மாணவர்களின் தப்பை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் போய் நின்று திருத்தலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, வழக்கம்போல அவர்தான் எட்டு மேசையிலும் எட்டுக் கிட்டை வைத்தார். தேர்வு எழுதுகிறவளே தேர்வறையைத் தயார் செய்யலாமா என்று கேட்காதீர்கள். வேறு நாதி இல்லை. கேள்வி என்ன என்பது அவருக்குத் தெரியாது. அது மூடிய உறையில் என் பீரோவில் இருந்தது. யாருக்கு எந்தக் கிட் என்ற பட்டியலையும் அவரே எழுதிக் கொண்டுவந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்திருந்தால், ஏழாம் நம்பர் கிட்டுக்கு எதிரே அவர் தன் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்திருப்பேன்.

ஏழாம் நம்பர் கிட்டின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கிட்டில் ஃபிளிப்-ஃபிளாப்புகள் உள்ளேயே பூட்டியிருக்கும். வெளியே வயர் சொருகும் துளைகள், விளக்குகள், எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அணைக்கும் ஒரு ரீசெட் பொத்தான். ஏழில் அந்தப் பொத்தான் செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கிட்டின் பின்பக்கம் முத்திரை ஒட்டியிருக்கும். பொறுப்பாசிரியை கையெழுத்து இல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. அக்கா மாதம் ஒரு கடிதமாக மூன்று கடிதம் கொடுத்திருந்தார். மூன்றும் என் மேசை இழுப்பறையில், ஒன்றின் மேல் ஒன்றாக, சௌக்கியமாக இருந்தன.

எட்டுப் பேருக்கு எட்டுக் கிட். கெட்டுப்போனதை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். வேறொருவர் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

காலையில் வெளித்தேர்வாளர் வந்தார். வேறு கல்லூரி, என்னைவிடப் பத்து வயது இளையவர், சட்டைப் பையில் மூன்று பேனா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாளில் இருப்பதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார், அவ்வளவுதான். அக்கா அன்று நீலச் சேலை கட்டி, சாவிக்கொத்தை இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏழாம் மேசையில் உட்கார்ந்தார். இடுப்பில் சாவி இல்லாமல் அவரைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எல்லோருக்கும் ஒரே கேள்வி. மூன்று ஃபிளிப்-ஃபிளாப் கொண்டு, வரிசையாக நிலை மாறும் ஒரு கவுண்டர். மூன்று விளக்குக்கும் ஏ, பி, சி என்று பெயர். தாளம்போல வரும் கிளாக் துடிப்பின் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்றும் ஒரே நேரத்தில் அடுத்த நிலைக்கு மாற வேண்டும். முதலில் எல்லாம் அணைந்திருக்கும். பிறகு ஏ மட்டும் எரியும், பிறகு ஏ-யும் பி-யும், பிறகு மூன்றும். அப்புறம் ஏ அணையும், பி அணையும், கடைசியில் சி-யும் அணைந்து ஆரம்பத்துக்கு வரும். ஆக ஆறு நிலைகள். "சமன்பாடுகளை முடிந்தவரை சுருக்குக" என்று கடைசி வரி.

மூன்று விளக்கு எட்டு விதமாக எரியலாம். ஆறுதான் வரிசையில் இருக்கிறது. மிச்சம் இரண்டு: நடுவில் பி மட்டும் எரிவது, பி அணைந்து இரு ஓரமும் எரிவது. வரிசையில் வராத நிலைகள் என்பதால் அட்டவணையில் அவற்றுக்கு எதிரே பெருக்கல் குறி போடுவோம். என்னவானாலும் சரி என்று அர்த்தம். அந்தக் குறியை நமக்கு வசதியாக ஒன்று, அதாவது எரிவது என்றோ, பூஜ்யம், அதாவது அணைவது என்றோ வைத்துக்கொண்டால் சமன்பாடு சுருங்கும். இந்தக் கேள்வியில் அது அடியோடு சுருங்கிவிடும். ஏ-க்குள் போக வேண்டியது சி-யின் தலைகீழ். பி-க்குள் போக வேண்டியது ஏ. சி-க்குள் போக வேண்டியது பி. கேட் என்னும் தர்க்கச் சுற்று ஒன்றுகூட வேண்டாம், வெறும் வயர் போதும். விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அந்த விடைக்குறிப்பை எழுதியவள் நான். அந்த அழகில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக்காதான் முதலில் எழுந்து தாளை நீட்டினார். அட்டவணை அச்சடித்தது போல இருந்தது. முதல் இரண்டு சமன்பாடும் குறிப்பில் உள்ளபடியே. மூன்றாவது மட்டும் வேறு. சி-க்குள் ஒன்று போக வேண்டுமானால் பி எரிய வேண்டும், அதோடு ஏ அல்லது சி-யும் எரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு ஆர் கேட், ஒரு ஆண்ட் கேட் கூடுதல்.

வெளித்தேர்வாளர் குறிப்பையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மூணாவது தப்பு. பி மட்டும் போதும். ரெண்டு கேட் தண்டம்."

"தப்பு இல்ல சார். அந்த ஆறு நிலையிலயும் சரியாத்தான் வரும், போட்டுப் பாருங்க."

"வரலாம். ஆனா சுருக்கலையே. கேள்வியில என்ன போட்டிருக்கு?"

"சார், பவர் போட்டதும் எந்த நிலையில எழுந்திரிக்கும்னு யாருக்கும் தெரியாது. நடுவுல மட்டும் எரிஞ்சுக்கிட்டு எழுந்துட்டா, நீங்க சொல்ற சமன்பாட்டுல அடுத்தது ரெண்டு ஓரமும் எரியும். அதுக்கடுத்தது மறுபடி நடு. அங்கேயே ஆடிக்கிட்டிருக்கும், வெளிய வராது. இந்த ரெண்டு கேட் இருந்தா, நடுவுலேருந்து நேரா ஏ-க்கு வந்துடும். ஓரம் ரெண்டுலேருந்து வந்தா ஒரு தட்டு கூட, அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் ரீசெட் பொத்தான் இருக்கே."

அக்கா ஏழாம் மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஏழில் ரீசெட் வேலை செய்யாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் இழுப்பறை வெளியே வரும், வெளி ஆள் முன்னால் என் தலை குனியும். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க சொல்லுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியே புரிந்துவிட்டது. அவர் எழுதியது தப்பில்லை. என் குறிப்பைவிட ஒரு படி மேல். கர்வப்பட்ட என் மூன்று வயரும் அந்த இரண்டு நிலையில் எழுந்தால் வெளியே வரத் தெரியாமல் முழிக்கும். "இதையும் ஏத்துக்கலாம் சார்" என்று மூன்று வார்த்தை போதும். ஆனால் அந்த மூன்று பேனாக்காரர் முன்னால், நான் எழுதிய குறிப்பை ஐசி எடுத்துக் கொடுக்கிறவர் திருத்தினார் என்று ஆகிவிடுமே. பதவிக்கு வந்தால் புத்தி எங்கே உட்கார்ந்திருக்கும் என்பது அன்று தெரிந்தது.

"சார் சொல்றபடி எழுதிடுங்கக்கா" என்றேன். "நேரம் போகுது."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. படி இருக்கிறது என்று காலை வைத்தவர் படி இல்லாததைக் கண்டால் ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான். பிறகு மூன்றாவது சமன்பாட்டில் ஒரு கோடு போட்டு அடித்து, "பி" என்று ஓரெழுத்து எழுதினார். வெளித்தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். திருத்தி எழுதியதற்குப் பாதி மதிப்பெண்.

ஜன்னலில் போய் வயர் வாங்கினார். பத்தொன்பது வருடம் தானே காத்த சட்டம் என்பதால், இயற்பியல் உதவியாளர் கேட்பதற்கு முன்பே கையெழுத்தைக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் இணைப்பு முடிந்தது. வயர் ஒவ்வொன்றும் இழுத்துக் கட்டியது போல நேராக இருந்தது. அதற்குள் மற்ற மேசைகளில் விளக்குகள் ஓடத் தொடங்கியிருந்தன. இரண்டாம் மேசையில் எடுத்தவுடனே நடுவும் ஓரமுமாக மாறி மாறி எரிந்தது. அந்த ஆள் என்னவென்று யோசிக்கவே இல்லை. ரீசெட்டை அமுக்கினார், ஓடிற்று, முழு மதிப்பெண்.

அக்கா சுவிட்சைப் போட்டார்.

நடுவில் ஒரு விளக்கு. அடுத்த தட்டில் இரண்டு ஓரமும். மறுபடி நடு. மறுபடி ஓரம்.

ஏழாம் கிட் அடிக்கடி நடுவில்தான் எழும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்று தாய்க்குத் தெரிவது போலத் தெரியும். தெரிந்துதான் அந்த இரண்டு கேட்டை எழுதினார். சுவிட்சை அணைத்துப் போட்டார். நடு, ஓரம், நடு, ஓரம். மறுபடி அணைத்துப் போட்டார். அதேதான்.

"ரீசெட் பண்ணுங்க" என்றார் வெளித்தேர்வாளர்.

"பொத்தான் வேலை செய்யல சார்." அமுக்கிக் காட்டினார். விளக்குகள் சட்டை செய்யாமல் ஆடின.

"அது எனக்குத் தெரியாது. கிட்டைச் சரிபார்த்துத்தானே உக்காந்திருப்பீங்க?"

"சார், ஒரே ஒரு நிமிஷம். உள்ள போற மூணு வயரையும் கழட்டி, மூணையும் பூஜ்யத்துல வெச்சு ஒரு தட்டு தட்டுனா எல்லாம் அணைஞ்சுடும். அப்புறம் பழையபடி மாட்டினா ஓடும். இங்க நின்னே பாருங்க."

நடக்கக்கூடிய காரியம்தான். ஒரு நிமிடம்கூட வேண்டாம். வெளித்தேர்வாளர் சுவரைக் காட்டினார். "மின்சாரம் கொடுத்த பிறகு இணைப்பைத் தொடக் கூடாது. வெளியீடு வராத இணைப்புக்கு மதிப்பெண் இல்லை." குண்டு குண்டாக, அழகாக எழுதி ஒட்டியிருந்தது. எழுதியது அக்காதான். நான் சொல்லச் சொல்ல, எட்டு வருடத்துக்கு முன்னால்.

அவர் அதைப் படித்தார், முதல்முறை படிப்பது போல. பிறகு சுவிட்சை அணைத்தார்.

வாய்மொழிக் கேள்விகளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், பத்துக்குப் பத்து. அட்டவணைக்கு இருபதுக்கு இருபது. சமன்பாட்டுக்குப் பத்து. இணைப்புக்கும் வெளியீட்டுக்குமான ஐம்பதில் ஒன்றுமில்லை. மொத்தம் நாற்பது. தேற ஐம்பது வேண்டும். மதிப்பெண் தாளில் இரண்டு தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். வெளித்தேர்வாளர் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். அவருடைய மூன்று பேனாவில் ஒன்று. நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்றாவது எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

வாசலில் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், மகளும் உடன் இருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். "என்ன இன்ஜினியரம்மா, ஓடுச்சா?" என்று அவர் கேட்டது மேலே வரை கேட்டது. அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மகள் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். கணவர் சைக்கிளில் ஏறவே இல்லை. மூன்று பேரும் நடந்தே போனார்கள்.

எல்லோரும் போன பிறகு ஏழாம் மேசைக்குப் போனேன். அவர் வயர்களைக் கழற்றி, நிறவாரியாகக் கட்டி வைத்திருந்தார். என் குறிப்பின்படி இணைத்து இருபது தடவை அணைத்துப் போட்டேன். பதினாறு தடவை நடுவில் எழுந்து அங்கேயே ஆடியது. பிறகு அவர் எழுதி அடித்த இரண்டு கேட்டையும் சேர்த்தேன். போட்டதும் நடு எரிந்தது. அடுத்த தட்டில் ஏ, அப்புறம் ஏ-யும் பி-யும், அப்புறம் மூன்றும். யாரும் பொத்தானைத் தொடாமல், தானாக வழி கண்டுபிடித்துக்கொண்டு, தப்பே செய்யாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். யாருக்குப் பிரயோஜனம்? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் நான்.

தேர்வு வாரியத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன், என் பெயரையும் என் குற்றத்தையும் சேர்த்து. செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கீழே என் கையெழுத்து இருக்கும் தாளின் நகலையும் இணைத்திருந்தார்கள். பயிற்றுநர் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண் வந்தாள், நல்ல பெண். எந்தக் கிட்டில் எது சரியில்லை என்று ஒவ்வொன்றாக அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அக்கா சொல்லிக்கொடுத்தார். மறுபடி சேர்ந்து படியுங்கள் என்று நான் ஒருநாள் ஆரம்பித்தபோது, "பொண்ணு காலேஜ் போறா மேடம். ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்டூடண்ட் போதும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. என் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது தேர்வுக்கு மறுநாள் காலை.

அன்று இரண்டாவது பிரிவுக்குத் தேர்வு. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டு மணிக்கு இடுப்பில் சாவியோடு என் மேசை முன் நின்றார். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு கடிதம். நான்காவது கடிதம். ஏழாம் நம்பர் கிட்டின் முத்திரையைப் பிரித்து ரீசெட் பொத்தானை மாற்ற அனுமதி வேண்டி.

இழுப்பறையிலிருந்து பழைய மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். "அக்கா, முதல் லெட்டர்லயே கையெழுத்துப் போடறேன். அந்தத் தேதியே போட்டுடறேன். மூணு மாசம் முன்னாடியே அனுமதி குடுத்த மாதிரி..." என்று உளறினேன்.

"வேணாம் மேடம்" என்றார். "இன்னைக்குத் தேதியே போடுங்க. அன்னைக்கு நீங்க போடலையே."

திட்டுவது போலச் சொல்லவில்லை. ஐசி எண்ணைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். நான் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மை காயும் வரை காத்திருந்து எடுத்துக்கொண்டு போனார். பழைய கிட் ஒன்றிலிருந்து ஒரு பொத்தானைப் பிரித்தெடுத்து, ஏழாம் கிட்டைத் திறந்து பற்றவைத்தார். ஒன்பதரைக்கு அமுக்கிப் பார்த்தார். மூன்று விளக்கும் ஒன்றாக அணைந்தன. துணியால் கிட்டைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு அந்த மேசையில் தண்ணீர்ப் பம்பு நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் உட்கார்ந்தார். அன்றைக்கும் அதே வகைக் கேள்வி, என் குறிப்பில் உள்ள அதே வெறும் வயர்ச் சமன்பாடு. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். "கையெழுத்து எங்கே?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. குரலில் எந்த மாற்றமும் இல்லை.

பம்பு நிலையக்காரர் சுவிட்சைப் போட்டதும் நடுவில் ஒரு விளக்கு. பிறகு இரண்டு ஓரமும். பிறகு நடு. அவர் பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரீசெட் பண்ணுங்க" என்றார் வெளித்தேர்வாளர்.

பம்பு நிலையக்காரர் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் அணைந்து, ஒன்றொன்றாக எரிந்து, ஒன்றொன்றாக அணைந்து, அழகாக ஓடின. வெளியீட்டுக்கு முழு மதிப்பெண். தாள் என்னிடம் வந்தது. அதிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.